துறைச் செலவுகளை மேலாளர் படிக்கும்படி வகைப்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் துறையின் மாதச் செலவுப் பட்டியலில் நாற்பதுக்கும் மேற்பட்ட தலைப்புகள் இருக்கின்றன. மேலாளர் கடைசி வரியில் உள்ள மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

முதலில் கணக்காளரின் தலைப்புகளில் கை வைக்காமல் இருக்க வேண்டும். அவை வரி தாக்கல் செய்யவும், தணிக்கைக்கு ஆவணம் காட்டவும், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பார்க்கவும் உருவானவை. அந்த வேலையை அவை நன்றாகவே செய்கின்றன. இந்திய அரசின் கணக்குகளில் ஒவ்வொரு செலவும் பெருந்தலைப்பில் தொடங்கி ஆறு படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டு 15 இலக்கக் குறியீட்டைப் பெறுகிறது. நாடாளுமன்றம் ஒதுக்கிய பணம் அதே காரியத்துக்குத்தான் செலவானதா என்று சரிபார்க்க அத்தனை நுணுக்கம் தேவைப்படுகிறது. ஆனால் காலையில் பத்து நிமிடம் மட்டுமே கிடைக்கும் ஒரு மேலாளரின் தேவை அதுவன்று. தம்மால் மாற்றக்கூடிய எது இந்த மாதம் மாறியிருக்கிறது என்பதே அவருக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே பேரேட்டை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் படிப்பதற்கான ஓர் அடுக்கை மட்டும் அமைக்க வேண்டும். கடந்த பன்னிரண்டு மாதப் பேரேட்டுத் தலைப்புகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகை எதைப் பொறுத்து ஏறி இறங்குகிறது என்பது ஒன்று. அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே விடை வரும் தலைப்புகள் ஒரு வகையாகச் சேரும்.

இந்தப் பக்கம் முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு தென்னைநார்த் தொழிற்சாலை இருக்கிறது. நார்க் கட்டுகளையும், நாரிலிருந்து பிரியும் துகளான பித்தை அழுத்திச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கட்டிகளையும் அது தயாரிக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் அதற்கு ஒரு கிடங்கு உண்டு. சரக்கில் ஒரு பகுதி தூத்துக்குடிக்கும் மற்றொரு பகுதி கொச்சி வல்லார்பாடத்துக்கும் செல்கிறது. நாம் வகைப்படுத்தப் போவது அதன் அனுப்புகைத் துறையின் செலவுகளை. தொழிற்சாலையும் தொகைகளும் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை.

எத்தனை வகைகள் இருக்கலாம்?

ஒரு துறைக்கு ஆறு அல்லது ஏழு போதும். ஒன்பதைத் தாண்டினால் படிப்பவர் மீண்டும் மொத்தத்துக்குத் தாவிவிடுவார். குறைந்த அளவிலும் ஒரு வரம்பு உண்டு. “ஆட்செலவு, பொருட்செலவு, பிற செலவு” என்று மூன்றே வகைகளாகச் சுருக்கினால் பக்கம் அழகாக இருக்கும், ஆனால் ஒன்று ஏறியதை மற்றொன்று இறங்கி மறைத்துவிடும். ஒரு வகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் அதைப் பிரிக்கலாமா என்று பார்க்க வேண்டும். நூற்றில் இரண்டு பங்குகூட இல்லாத வகைக்குத் தனி வரி கொடுப்பதற்கு வலுவான காரணம் வேண்டும். அப்படி ஒரு காரணம் நம் எடுத்துக்காட்டிலேயே வருகிறது.

லாரி வாடகை, கூலி, துறைமுகக் கட்டணம் என்று எதற்குப் பணம் கொடுத்தோமோ அந்தப் பெயரிலேயே வகைப்படுத்தினால் என்ன?

பெரும்பாலான செலவுகளுக்கு அது சரியாகவே இருக்கும். ஒரே காரணத்தால் ஏற்படும் செலவு பல பெயர்களில் சிதறிக் கிடக்கும்போதுதான் அந்த முறை மேலாளரைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்கிறது. இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் வகைப்படுத்துவதன் முழுப் பயனும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது.

நம் தொழிற்சாலையின் அனுப்புகைத் துறைக்கு ஜூலை மாதத்துக்கு ஒதுக்கீடு 16.80 லட்சம் ரூபாய். உண்மையில் ஆன செலவு 17.60 லட்சம். 80 ஆயிரம் கூடியிருக்கிறது. பழைய பட்டியலில் லாரி வாடகை 6.15 லட்சத்துக்கு 6.65 லட்சமாகவும், துறைமுகக் கட்டணம் 2.20 லட்சத்துக்கு 2.40 லட்சமாகவும், ஏற்று இறக்குக் கூலி 1.55 லட்சத்துக்கு 1.80 லட்சமாகவும் இருந்தன. பேக்கிங் பொருள்களில் மட்டும் 15 ஆயிரம் மிச்சமாகியிருந்தது, மற்றவை மாறவில்லை. இதைப் படிக்கும் மேலாளர் இயல்பாக என்ன செய்வார்? பெரிய தொகை லாரி வாடகையில் கூடியிருப்பதால், லாரிக்காரரை அழைத்து வாடகையைக் குறைக்கப் பேசுவார். கூலியும் துறைமுகக் கட்டணமும் ஏதோ கொஞ்சம் கூடியிருப்பதாக விட்டுவிடுவார்.

ஆனால் பில்களைப் பிரித்துப் பார்த்தால் வேறு செய்தி தெரிகிறது. லாரி வாடகையில் 55 ஆயிரம், லாரி தொழிற்சாலை வாசலில் காத்துக் கிடந்ததற்கான ஹால்டிங் கட்டணம். துறைமுகக் கட்டணத்தில் 30 ஆயிரம், கன்டெய்னரைக் கட்டணமில்லாத நாள்களுக்குள் திருப்பி அனுப்பாததற்குக் கப்பல் நிறுவனம் வசூலித்த டிடென்ஷன். கூலியில் 25 ஆயிரம், இரவில் ஏற்றியதற்கான கூடுதல் கூலி. இம்மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சிப் பக்கத்தையும் நனைக்கும் மாதம் ஜூலை. களத்தில் வெயிலில் காய வேண்டிய பித் காயவில்லை. வாங்குபவர் கேட்ட அளவுக்கு ஈரம் இறங்காததால் கட்டி போடுவது தள்ளிப் போயிற்று. ஆனால் கன்டெய்னரும் லாரியும் முன்பே சொல்லிவைத்த நாளில் வந்து நின்றுவிட்டன.

இந்த மூன்றையும் அவற்றின் பழைய இடங்களிலிருந்து எடுத்து “தாமதச் செலவு” என்று தனி வகையாக்கினால் பக்கம் இப்படி மாறுகிறது. தொகைகள் லட்ச ரூபாயில் உள்ளன.

| வகை | ஒதுக்கீடு | ஆனது | வேறுபாடு |
|---|---|---|---|
| நிரந்தர ஆட்கள் | 4.20 | 4.20 | 0 |
| ஏற்று இறக்குக் கூலி | 1.50 | 1.55 | +0.05 |
| லாரியும் டீசலும் | 6.00 | 6.10 | +0.10 |
| பேக்கிங் பொருள்கள் | 1.80 | 1.65 | −0.15 |
| துறைமுகமும் ஆவணமும் | 2.10 | 2.10 | 0 |
| கிடங்கும் அலுவலகமும் | 0.90 | 0.90 | 0 |
| தாமதச் செலவு | 0.30 | 1.10 | +0.80 |
| மொத்தம் | 16.80 | 17.60 | +0.80 |

மொத்தம் மாறவில்லை, ஒரு ரூபாய்கூட இடையில் காணாமல் போகவில்லை. ஆனால் பேசவேண்டிய ஆள் மாறிவிட்டார். லாரி வாடகையில் பெரிய சிக்கல் ஏதும் இல்லை என்று இப்போது தெரிகிறது. ஈரம் சோதித்து முடித்த பிறகே கன்டெய்னருக்குச் சொல்வது என்று உற்பத்தித் துறையும் அனுப்புகைத் துறையும் மழை மாதங்களுக்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டால் இந்த 80 ஆயிரத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்க முடியும். ஒதுக்கீட்டில் இந்த வகை நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அப்படியிருந்தும் அதற்குத் தனி வரி கொடுத்ததற்குக் காரணம் இதுதான்.

ஒரே பில்லில் வாடகையும் ஹால்டிங்கும் சேர்ந்து வருகின்றன. பிறகு எப்படிப் பிரிப்பது?

பிறகு பிரிக்க முடியாது. பிரிக்க முயன்றால் ஊகத்தில்தான் போய் முடியும். வகைப்படுத்தல் பில் வரும் இடத்திலேயே தொடங்க வேண்டும். வாடகை ஒரு வரியிலும், நின்ற நாள்களும் அதற்கான கட்டணமும் இன்னொரு வரியிலும் இருக்க வேண்டும் என்று லாரி ஏஜென்டிடம் முன்பே சொல்லிவிடலாம். துறைமுகப் பணிகளைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் பொதுவாகவே தம் பில்லில் டிடென்ஷனையும் டெமரேஜையும் தனித்தனியாகக் காட்டுவார்; நம் பக்கத்தில்தான் அவற்றை ஒரே தலைப்பில் போட்டு மூடிவிடுகிறோம். கன்டெய்னர் துறைமுகத்துக்கு வெளியே நம்மிடம் அதிக நாள் இருந்ததற்கு டிடென்ஷன் என்றும், துறைமுகத்துக்குள்ளேயே அதிக நாள் கிடந்ததற்கு டெமரேஜ் என்றும் சொல்வது வழக்கம். மேலாளருக்கான பக்கத்தில் இரண்டும் ஒரே வகையில் இருக்கலாம். பேரேட்டில் தனியாக இருப்பதே நல்லது.

டாலியில் கணக்கு வைப்பவர்கள் இதற்குப் புதிய லெட்ஜர்கள் இரண்டோ மூன்றோ திறந்துகொண்டால் போதும். `Cost Centre` வசதியை ஏற்கெனவே பயன்படுத்துபவர்கள் வவுச்சர் போடும்போதே அதில் குறித்துவிடலாம். மாத முடிவில் உட்கார்ந்து பழைய பில்களைப் புரட்டிப் பிரிக்கும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேலை மிகுந்த மாதத்தில் முதலில் கைவிடப்படுவது அதுதான், பிரிப்பு மிகவும் தேவைப்படுவதும் அதே மாதத்தில்தான்.

தமிழ்நாட்டுச் செலவு, கேரளச் செலவு என்று இரண்டாகப் பிரிக்கலாமா?

இடத்தை வகையாக ஆக்க வேண்டாம். தேவையென்றால் அதைத் தனிப் பத்தியாகக் காட்டுங்கள். “கேரளச் செலவு” என்று ஒரே வரி போட்டால் அதற்குள் வாடகை, கூலி, மின்சாரம், லாரி எல்லாம் கலந்து நிற்கும். அது கூடியது என்று தெரியுமே தவிர ஏன் கூடியது என்று தெரியாது. எல்லையோர நிறுவனங்களில் இந்தப் பிரிப்பு மிக எளிதாக நுழைந்துவிடுகிறது. இரண்டு மாநிலத்திலும் தனித்தனி ஜி.எஸ்.டி. பதிவு இருப்பதால் கணக்காளரிடம் அவை ஏற்கெனவே பிரிந்தே கிடக்கின்றன, நாமும் அதையே எடுத்து ஒட்டிவிடுகிறோம்.

இருந்தாலும் ஏற்று இறக்குக் கூலியில் மட்டும் இரண்டு பக்கத்தையும் அருகருகே காட்டுவது பயன் தரும். கேரளத்தில் 1978-ஆம் ஆண்டின் சுமைத் தொழிலாளர் சட்டத்தின்படி நலத் திட்டம் நடைமுறையில் உள்ள பகுதிகளில், பதிவு பெற்ற தொழிலாளர்களைக் கொண்டே சரக்கை ஏற்றி இறக்க வேண்டும். கூலியோடு நலநிதிக்கான தொகையையும் சேர்த்துச் செலுத்த வேண்டும். கூலி விகிதத்தை அங்கே கிடங்குப் பொறுப்பாளர் தாமாக மாற்றிவிட முடியாது. அவர் கையில் இருப்பது எத்தனை முறை ஏற்றி இறக்குகிறோம் என்பது மட்டுமே. தொழிற்சாலையிலிருந்து கிடங்குக்குப் போய், அங்கே இறங்கி, மீண்டும் ஏறித் துறைமுகத்துக்குப் போகும் சரக்குக்கு இரண்டு கூலிகள் கூடுதலாக விழுகின்றன. நேரே துறைமுகத்துக்குப் போகக்கூடிய சரக்கு எது என்று முடிவு செய்வது மேலாளரின் அதிகாரத்தில் இருக்கிறது. ஆகவே இந்த ஒரு வகைக்கு மட்டும் ரூபாயோடு எத்தனை டன் ஏற்றி இறக்கப்பட்டது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அப்போது விகிதம் கூடியதா, அளவு கூடியதா என்ற கேள்வி எழவே எழாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு மாநிலத்திலும் தனிப் பதிவு உள்ள ஒரே நிறுவனம் தன் சரக்கை எல்லை தாண்டித் தன் கிடங்குக்கே அனுப்பினாலும் ஜி.எஸ்.டி. சட்டம் அதை ஒரு வழங்கலாகவே பார்க்கிறது. பில் போட்டு ஐ.ஜி.எஸ்.டி. காட்ட வேண்டும். அந்தப் பில்லில் உள்ள சரக்கின் மதிப்பு துறையின் செலவன்று. அது தவறுதலாகச் செலவுப் பட்டியலுக்குள் வந்துவிட்டால் கேரளப் பத்தி திடீரென்று வீங்கிக் காட்டும். அப்படி வீங்கியிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே.

தொகைகளை ஜி.எஸ்.டி.யோடு எழுதுவதா, இல்லாமலா?

உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறக்கூடிய ஜி.எஸ்.டி.யை விலக்கியும், திரும்பப் பெற முடியாத வரியைச் சேர்த்தும் எழுத வேண்டும். ஒதுக்கீட்டுக்கும் ஆன செலவுக்கும் ஒரே முறையைப் பின்பற்றுவது இன்றியமையாதது. ஒதுக்கீட்டை வரியில்லாமல் போட்டுவிட்டு, பில் தொகையை வரியோடு எடுத்து எழுதுவதால் வரும் வேறுபாட்டைச் செலவு மிகுதி என்று எண்ணி விளக்கம் கேட்கும் கூட்டங்கள் நடக்கின்றன. பல வகைகளில் ஒரே மாதிரியான விழுக்காட்டில் வேறுபாடு தெரிந்தால் இந்தப் பிழையே காரணமாக இருக்கும்.

அனுப்புகைத் துறையில் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. டீசல் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, அதன் விலையில் உள்ள மாநில வரி திரும்பக் கிடைக்காது, எனவே பெட்ரோல் பங்க்கில் கொடுத்த தொகை முழுவதும் செலவுதான். தொழிலாளர்களுக்கு வாங்கும் தேநீர், சாப்பாடு போன்றவற்றின் வரியையும் பொதுவாகத் திரும்பப் பெற முடியாது. மற்றவற்றைக் கணக்காளரிடம் ஒருமுறை கேட்டு, பேரேட்டுத் தலைப்பு ஒவ்வொன்றின் எதிரிலும் “வரி நீக்கி” அல்லது “வரி சேர்த்து” என்று எழுதி வைத்துவிட்டால் மாதாமாதம் கேட்க வேண்டியதில்லை.

போனஸ் மாதத்தில் ஆட்செலவு மிகவும் எகிறிவிடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் இதையே விளக்க வேண்டியிருக்கிறது.

கொழிஞ்சாம்பாறைக் கிடங்கில் ஓணத்துக்கு முன்பும், பொள்ளாச்சியில் தீபாவளிக்கு முன்பும் போனஸ் கொடுப்பதால் நம் தொழிற்சாலைக்கு ஆண்டில் இரண்டு முறை இந்த ஏற்றம் வரும். பணம் கொடுக்கும் மாதத்தில் முழுச் செலவையும் எழுதாமல், மாதந்தோறும் பன்னிரண்டில் ஒரு பங்கை ஒதுக்கி “நிரந்தர ஆட்கள்” வகையில் சேர்த்து வாருங்கள். சட்டப்படியான குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காடு, உச்ச அளவு 20 விழுக்காடு. நம் எடுத்துக்காட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் போனஸ் என்றால், ஜூலை மாதத்து 4.20 லட்சத்துக்குள் 25 ஆயிரம் அந்த ஒதுக்கீடாக ஏற்கெனவே இருக்கிறது.

இதில் ஒரு வரம்பு உண்டு. இந்தப் பக்கம் செலவைக் காட்டுகிறது, கையிருப்புப் பணத்தை அன்று. ஓணத்துக்கு முந்தைய வாரம் வங்கியில் எவ்வளவு பணம் வேண்டும் என்பதை இதைப் பார்த்துத் திட்டமிடக் கூடாது. அதற்குக் கணக்குப் பிரிவு வைத்திருக்கும் பண வரத்துத் தாளையே பார்க்க வேண்டும்.

“இதர செலவுகள்” என்ற வகை இருக்கலாமா?

இருக்கலாம், ஆனால் மொத்தத்தில் நூற்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த மாதமே அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அதற்கென ஒரு வரியே இல்லை. எடைமேடைக் கட்டணம், தொலைபேசி, எழுதுபொருள் போன்ற சில்லறைச் செலவுகள் “கிடங்கும் அலுவலகமும்” என்பதில் அடங்கிவிட்டன.

ஒரே செலவு இரண்டு வகைகளுக்கும் பொருந்தும்போது எப்படி முடிவு செய்வது?

எந்த வகையின் பொறுப்பாளர் அதைக் குறைக்க முடியுமோ அந்த வகையில் சேருங்கள். லாரியில் சரக்கு நனையாமல் இருக்க வாங்கும் தார்ப்பாயைப் பேக்கிங் பொருள் என்றும் சொல்லலாம், லாரிச் செலவு என்றும் சொல்லலாம். அதை வாங்குவதும் பத்திரமாக வைத்திருப்பதும் லாரியை அனுப்புபவரின் வேலை என்றால் அது லாரி வகைக்கே உரியது. இப்படி எடுத்த முடிவை ஒரு வாக்கியமாக எழுதி, தேதியிட்டு, வகைகளின் விளக்கத் தாளில் சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வேறொருவர் வேறு மாதிரி முடிவு செய்வார்.

உங்கள் வகைகள் தெளிவாக இருக்கின்றனவா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இருபது பழைய வவுச்சர்களை எடுத்து, அனுப்புகைத் துறையில் ஒருவரிடமும் கணக்குப் பிரிவில் ஒருவரிடமும் கொடுத்து, ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் வகை எழுதச் சொல்லுங்கள். மூன்று நான்கு இடங்களுக்கு மேல் அவர்கள் வேறுபட்டால் குறை வகைகளின் பெயரிலோ விளக்கத்திலோ இருக்கிறது. எந்த இரண்டு வகைகளுக்கு இடையே அவர்கள் தடுமாறினார்கள் என்று பார்த்து, அந்த எல்லையை மட்டும் திருத்தி எழுதினால் போதும்.

ஃபோர்க்லிஃப்ட் வாங்கினோம், பழைய ஒன்றுக்கு எஞ்சின் மாற்றினோம். இவை எந்த வகை?

வாங்கியது மாதச் செலவு வகைகளில் வரவே கூடாது; அது மூலதனச் செலவு. பக்கத்தின் அடியில் தனியாக ஒரு வரி கொடுங்கள், மேலே உள்ள மொத்தத்தோடு கூட்ட வேண்டாம். எஞ்சின் மாற்றியது பழுதுபார்ப்பா மூலதனமா என்பது இயந்திரத்தின் ஆயுளோ திறனோ அதனால் கூடியதா என்பதைப் பொறுத்தது. அந்த முடிவைக் கணக்காளர்தான் எடுக்க வேண்டும். அவர் பேரேட்டில் எப்படி எழுதினாரோ அதையே உங்கள் பக்கமும் பின்பற்ற வேண்டும்.

இதைத் தாளில் எப்படி அமைப்பது? மாதாமாதம் கையால் கூட்ட வேண்டுமா?

வேண்டியதில்லை. விரிதாளில் `Map` என்று ஒரு பக்கம் அமைத்து, பேரேட்டுத் தலைப்பு ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்குரிய வகையின் குறியீட்டை எழுதி வையுங்கள். `Data` என்ற இன்னொரு பக்கத்தில் கணக்குப் பிரிவு தரும் மாதப் பட்டியலை ஒட்டுங்கள். அதில் A பத்தியில் தலைப்பு, B-யில் வகைக் குறியீடு, C-யில் மாதம், D-யில் தொகை இருக்கட்டும். B-யைக் கையால் நிரப்பாமல் `Map` பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் செய்ய வேண்டும். மாதத்தை எண்ணாக மாறிவிடாதபடி உரையாக வைத்துக்கொள்ளுங்கள்.

```
B2:    =VLOOKUP(A2, Map!A:B, 2, FALSE)
வகை:   =SUMIFS(Data!D:D, Data!B:B, "K7", Data!C:C, "JUL")
```

இங்கே `K7` என்பது தாமதச் செலவின் குறியீடு. கணக்குப் பிரிவு புதிய லெட்ஜர் ஒன்றைத் திறந்துவிட்டு உங்களிடம் சொல்லாமல் விட்டால் B பத்தியில் `#N/A` என்று வரும். பலர் அதைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்க ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மறைத்துவிட்டால் அந்தத் தொகை எந்த வகையிலும் சேராமல் போய், உங்கள் பக்கத்தின் மொத்தம் பேரேட்டு மொத்தத்தைவிடக் குறைந்து நிற்கும். மேலாளர் ஒருமுறை அந்தக் குறைவைக் கண்டுவிட்டால் பிறகு எந்த எண்ணையும் நம்ப மாட்டார். ஏழு வகைகளின் கூட்டுத்தொகையிலிருந்து பேரேட்டு மொத்தத்தைக் கழித்து, விடை பூஜ்யமாக வருகிறதா என்று காட்டும் ஒரு கட்டத்தைப் பக்கத்தின் அடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அது பூஜ்யம் ஆகாமல் பக்கத்தை அனுப்பக் கூடாது.

ஆண்டின் நடுவில் வகைகளை மாற்றலாமா?

தவிர்க்க முடிந்தால் ஏப்ரல் மாதத்தில் மட்டும் மாற்றுங்கள். நடுவில் மாற்றியே தீர வேண்டுமென்றால் கடந்த மாதங்களின் தொகைகளையும், முடிந்தால் சென்ற ஆண்டின் தொகைகளையும் புதிய வகைகளில் மீண்டும் கூட்டிப் போட வேண்டும். `Map` பக்கம் இருந்தால் இது குறியீட்டை மாற்றும் வேலைதான். தாமதச் செலவைப் போலப் பழைய பில்களில் பிரிக்கப்படாமல் கிடப்பவற்றுக்கு அது போதாது. அத்தகைய வகைக்குப் பழைய மாதங்களில் ஊகித்த தொகையை எழுதாமல் கட்டத்தை வெறுமையாக விட்டு, “ஜூலை முதல் தனியாகக் காட்டப்படுகிறது” என்று கீழே குறிப்பு எழுதுவதே முறை.

மேலாளர் பார்க்கும் பக்கத்தில் வேறு என்ன இருக்க வேண்டும்?

வகைகளின் வரிசை எல்லா மாதமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். தொகையின் அளவைப் பார்த்து மாதந்தோறும் வரிசையை மாற்றினால் அவர் கண் பழகிய இடத்தில் பழகிய வகை இராது. தொகைகளை லட்சத்தில் இரண்டு தசம இடங்களோடு எழுதினால் ஆயிரம் ரூபாய் வரை தெரியும், அதற்குமேல் நுணுக்கம் தேவையில்லை. ஒவ்வொரு வகையின் எதிரிலும் பொறுப்பாளரின் பதவியைக் குறிக்கலாம்.

வேறுபாட்டுக்கு விளக்கம் எல்லா வரிக்கும் எழுத வேண்டாம். நூற்றில் ஐந்துக்கு மேலும், அதோடு 20 ஆயிரம் ரூபாய்க்கு மேலும் விலகிய வகைக்கு மட்டும் ஒரு வாக்கியம் என்று வரம்பு வைத்துக்கொள்வது ஓர் அனுப்புகைத் துறைக்குப் பொருத்தமாக இருக்கும். நம் ஜூலைப் பக்கத்தில் அந்த வரம்பைத் தாண்டியது ஒரே ஒரு வகை. பேக்கிங் பொருள்கள் நூற்றில் எட்டுப் பங்கு குறைந்திருந்தாலும் தொகை 15 ஆயிரமே என்பதால் விளக்கம் கட்டாயமில்லை. ஆயினும் அதைக் கவனித்துவிடுவது நல்லது. அனுப்ப வேண்டிய கட்டிகள் களத்திலேயே ஈரமாகக் கிடப்பதால் பேக்கிங் குறைந்திருந்தால், அது மிச்சமன்று, ஆகஸ்டுக்குத் தள்ளிப்போன செலவு. அப்படியானால் தாமதச் செலவுக்கு எழுதும் வாக்கியத்திலேயே அதையும் சேர்த்து இப்படி எழுதலாம்: “மழையால் பித் காய்வது தாமதமானதால் லாரிகளும் கன்டெய்னர்களும் காத்திருந்தன, கூடுதல் 80 ஆயிரம். ஈரச் சோதனை முடிந்த பின்னரே கன்டெய்னர் பதிவு செய்ய உற்பத்தித் துறையின் ஒப்புதல் தேவை. பேக்கிங்கில் குறைந்த 15 ஆயிரம் ஆகஸ்டில் செலவாகும்.”